கோழிக்கொட்டகையும் மண்வாரியும்: பிளந்த மூளை சொன்ன கதை

1970-களின் பிற்பகுதி. அமெரிக்காவின் வடகிழக்கில், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு வண்டிக்குள் சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம். அதற்குள் ஒரு பதின்வயதுப் பையன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஆய்வுக் கட்டுரைகளில் அவன் பெயர் பி.எஸ். என்ற இரண்டு எழுத்துகள்தான். திரையின் நடுவில் ஒரு புள்ளி. கண்ணை அதைவிட்டு எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். புள்ளிக்கு இடப்பக்கம் ஒரு படமும் வலப்பக்கம் ஒரு படமும் ஒரே நேரத்தில் மின்னி மறைகின்றன. இடப்பக்கம் வந்தது பனி மூடிய வீடு. வலப்பக்கம் வந்தது ஒரு கோழிக்கால்.

மேசைமேல் சில படங்கள் பரப்பப்பட்டிருக்கின்றன. பார்த்ததோடு பொருந்துகிற படத்தைக் கையால் காட்டச் சொல்கிறார்கள். பையனின் வலக்கை கோழித்தலையைக் காட்டியது. இடக்கை மண்வாரியைக் காட்டியது. நம்மூரில் மணல் அள்ளப் பயன்படும் அந்த நீளக் கைப்பிடிக் கருவி, பனி கொட்டும் ஊர்களில் வாசலை மூடிய பனியை அள்ளுவதற்காக வீட்டுக்கு வீடு இருக்கும். ஆக, இரண்டு கைகளும் சரியான படத்தைத்தான் காட்டியிருந்தன.

ஏன் இவற்றைக் காட்டினாய் என்று கேட்டார்கள். பையன் யோசிக்கக்கூட இல்லை. கோழிக்கால் கோழியோடு சேரும், கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டும் என்றான்.

பனியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. வலிப்பு நோய்க்காக அவனுடைய மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை மருத்துவர்கள் வெட்டியிருந்தார்கள். வாய்வழியே பேசிய மூளையின் பாதி பனியைப் பார்க்கவே இல்லை. பனியைப் பார்த்து மண்வாரியைத் தேர்ந்தெடுத்த பாதிக்கோ பேச்சு கிடையாது. இடக்கை ஏன் மண்வாரிமேல் இருக்கிறது என்று பேசும் பாதிக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று அது சொல்லவில்லை. கண்முன்னால் இருப்பதை வைத்து ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்லிவிட்டது; கட்டியதுதான் உண்மை என்று நம்பியும் விட்டது.

இந்தச் சோதனையைச் செய்தவர்கள் மைக்கேல் கசானிகா, ஜோசப் லெடூ இருவரும். "இடது மூளை கணக்குப் பிள்ளை, வலது மூளை கலைஞன்" என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் கதைக்கும் இந்தப் பையனுக்கும் தொடர்பு உண்டு. அந்தக் கதையின் ஊற்று இதே ஆய்வு வரிசைதான். ஆனால் ஊற்றில் இருந்தது வேறு, குழாயில் நமக்கு வந்து சேர்ந்தது வேறு.

பாலத்தை வெட்டியது ஏன்?

மூளையின் மேற்பகுதி வால்நட் பருப்பைப் போல இரண்டு பாதிகளாக இருக்கிறது. இரண்டையும் இணைப்பது கார்ப்பஸ் கலோசம் என்ற தடித்த நரம்பிழைக் கற்றை. ஏறக்குறைய 20 கோடி இழைகள் அதன் வழியே இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போகின்றன. இதைப் பாலம் என்று வைத்துக்கொள்வோம்.

வலிப்பு நோயில், மூளையின் ஓரிடத்தில் கிளம்பும் மின்புயல் இந்தப் பாலத்தின் வழியே மறுபாதிக்கும் தாவிவிடலாம். அப்படித் தாவும்போது ஆள் நினைவிழந்து விழுகிறார். எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்புக்குக் கடைசி வழியாகப் பாலத்தை வெட்டலாம் என்ற யோசனை பிறந்தது இதனால்தான். 1940-களிலேயே நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் வில்லியம் வான் வாகனன் என்ற அறுவை மருத்துவர் இதைச் செய்து பார்த்தார். அந்த நோயாளிகளை ஆண்ட்ரூ அகெலைடிஸ் என்பவர் பலவிதமாகச் சோதித்தார். குறிப்பிட்டுச் சொல்லும்படி எந்தக் குறையும் அவருக்குத் தென்படவில்லை. அத்தனை பெரிய பாலம் எதற்காகத்தான் இருக்கிறது என்று அந்தக் காலத்து விஞ்ஞானிகள் கேலி பேசினார்கள். இரண்டு பாதிகளும் தொய்ந்து விழாமல் பிடித்துக்கொள்ளத்தான் போலிருக்கிறது என்று கார்ல் லாஷ்லி வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவார்கள்.

அகெலைடிஸ் கவனக்குறைவானவர் இல்லை. அவர் கேட்ட விதத்தில் கேட்டால் இன்றும் குறை தெரியாது. இந்த நோயாளிகள் நடப்பார்கள், பேசுவார்கள், சமைப்பார்கள், சீட்டாடுவார்கள். பக்கத்து வீட்டில் இருந்தால் உங்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. குறையைக் காண வேண்டுமானால், ஒரு பாதிக்கு மட்டும் சேதி போய் மற்றதற்குப் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சூட்சுமத்தை முதலில் பூனைகளிலும் பிறகு குரங்குகளிலும் கண்டுபிடித்துக் காட்டியது கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ரோஜர் ஸ்பெர்ரியின் ஆய்வுக்குழு. ஸ்பெர்ரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கண் அல்ல, புலம்

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தமிழில் இது பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது: "இடது கண் பார்ப்பது வலது மூளைக்குப் போகிறது." அப்படி இல்லை.

இப்போதே ஒரு காரியம் செய்யுங்கள். எதிர்ச்சுவரில் ஒரு ஆணியையோ சுவிட்சையோ குறியாக வைத்து அசையாமல் பாருங்கள். அந்தக் குறிக்கு இடப்பக்கம் இருப்பது எல்லாம் உங்கள் இடப் பார்வைப் புலம். வலப்பக்கம் இருப்பது எல்லாம் வலப் புலம். இப்போது ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் ஒற்றைக் கண்ணுக்கே குறியின் இரண்டு பக்கங்களும் தெரிகின்றன அல்லவா? அப்படியானால் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சேதி இரண்டு பாதி மூளைகளுக்கும் போயாக வேண்டும். கண் நரம்புகள் மூளைக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் பாதி இழைகள் பக்கம் மாறுகின்றன. இப்படி மாறுவதால், எந்தக் கண்ணால் பார்த்தாலும் சரி, இடப் புலத்தில் இருப்பது வலப் பாதிக்கும், வலப் புலத்தில் இருப்பது இடப் பாதிக்கும் போய்ச் சேர்கிறது.

நமக்கு இது தெரிவதே இல்லை. ஒன்று, பாலம் இரண்டையும் உடனுக்குடன் கலந்துவிடுகிறது. இரண்டு, கண் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கிறது. இடப்பக்கம் இருந்த பொருளைக் கண் திரும்பிப் பார்த்துவிட்டால் அது நடுவுக்கு வந்துவிடும். அப்போது இரண்டு பாதிகளுக்கும் அது தெரிந்துவிடும். கண் ஒரு புதுப் பொருளை நோக்கித் தாவுவதற்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். ஆகவே சோதனையில் படத்தை அதைவிடக் குறைவாக, விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் காட்டுவார்கள். கண் திரும்புவதற்குள் படம் போய்விடும். அகெலைடிஸின் சோதனைகளில் இந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. அதனால்தான் அவருக்கு ஒன்றும் சிக்கவில்லை.

கைகளின் கணக்கும் குறுக்காகத்தான். விரல்களின் நுண்ணிய அசைவையும் தொட்டு அறியும் உணர்வையும் பொறுத்தவரை வலக்கை இடப் பாதியின் ஆள், இடக்கை வலப் பாதியின் ஆள். தோளிலிருந்து கையை வீசுவது போன்ற பெரிய அசைவுகளை மட்டும் இரண்டு பாதிகளுமே ஓரளவு நடத்தும்.

பேச்சு பெரும்பாலோருக்கு இடப் பாதியில் இருக்கிறது. இது பிளந்த மூளை ஆய்வு கண்டுபிடித்த செய்தி அல்ல. 1860-களிலேயே பாரிஸில் பால் ப்ரோக்கா, பேச்சிழந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து இடப்பக்கச் சேதத்தைச் சுட்டிக்காட்டிவிட்டார். வலக்கைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவுக்கு இப்படித்தான். இடக்கைக்காரர்களிலும் ஏறக்குறைய எழுபது சதவீதம் பேருக்கு இடப் பாதிதான் பேசுகிறது. இடக்கைக்காரர் என்றால் மூளை தலைகீழ் என்று நினைப்பதும் தவறு.

டபிள்யூ.ஜே.யின் இரண்டு கைகள்

ஸ்பெர்ரியின் குழு மனிதரிடம் முதலில் சோதித்தது டபிள்யூ.ஜே. என்று குறிக்கப்படும் ஒருவரை. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதித்த வீரர். துப்பாக்கியின் பின்கட்டையால் தலையில் அடிபட்டு, அதன்பின் வலிப்பு வந்து, ஆண்டுக்கு ஆண்டு மோசமானது. 1962-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிலிப் வோகல், ஜோசப் போகன் என்ற இரு மருத்துவர்கள் அவருடைய பாலத்தை முழுதாக வெட்டினார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. அவரைச் சோதிக்கும் வேலை, அப்போது ஸ்பெர்ரியிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த கசானிகாவிடம் வந்தது.

புள்ளிக்கு வலப்பக்கம் ஒரு படத்தை மின்னவிட்டால் டபிள்யூ.ஜே. அதன் பெயரை உடனே சொன்னார். இடப்பக்கம் மின்னவிட்டு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ஒன்றும் பார்க்கவில்லை என்றார். அதையே, பார்த்தால் இந்த விசையை அழுத்துங்கள் என்று இடக்கையிடம் விட்டபோது, வாய் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடக்கை விசையை அழுத்தியது. வலப் பாதி பார்த்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் அதற்கு வாயில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது கட்டைச் சோதனை. சிவப்பும் வெள்ளையுமாக முகங்கள் கொண்ட சில மரக் கட்டைகள், பக்கத்தில் ஓர் அட்டையில் வடிவம். அட்டையில் உள்ளபடி கட்டைகளை அடுக்க வேண்டும். டபிள்யூ.ஜே. வலக்கைக்காரர், வாழ்நாளெல்லாம் வேலை செய்து பழகிய கை அது. ஆனால் பாலத்தை வெட்டிய பிறகு அந்தக் கையால் இந்த வடிவத்தை அடுக்க முடியவில்லை. கட்டைகளைத் திருப்புகிறது, நகர்த்துகிறது, தடுமாறுகிறது. இடக்கையோ மளமளவென்று அடுக்கி முடித்தது. வலக்கை திணறிக்கொண்டிருக்கும்போது இடக்கை தானாக உதவிக்கு வந்து கட்டையை எடுக்கப் பார்க்கும். அதைத் தடுத்து வைக்க வேண்டியிருந்தது. சரி, இரண்டு கைகளையும் சேர்த்தே விட்டுப் பார்ப்போம் என்று விட்டால், இடக்கை சரியாக வைத்ததை வலக்கை கலைத்தது.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வலக்கையின் விரல்களில் எந்தக் கோளாறும் இல்லை. கட்டை எது, அட்டை எது, செய்ய வேண்டியது என்ன என்பதெல்லாம் இடப் பாதிக்கு நன்றாகவே தெரியும். அதனால் முடியாமல் போனது, துண்டுகளை இடத்தில் பொருத்தி ஒரு முழு வடிவமாக்கும் அந்தக் குறிப்பிட்ட வேலை மட்டும்தான். பாலம் இருந்த காலத்தில் வலப் பாதி அந்த வேலையைச் செய்து, விடையை அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. டபிள்யூ.ஜே.க்கே அது தெரிந்திருக்க வழியில்லை.

சிறப்புத் திறன் என்பதற்கு ஆய்வாளர்கள் வைக்கும் பொருள் இந்த அளவில்தான் இருக்கிறது. "கலை", "தர்க்கம்" போன்ற பெரிய தலைப்புகள் எந்தப் பக்கத்திலும் முழுதாகக் குடியிருக்கவில்லை. அவற்றுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வேலைகளில் சில ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன.

இதைப் பிளந்த மூளைக்கு வெளியே பக்கவாத நோயாளிகளிடமும் பார்க்கலாம். சின்னச் சின்ன இசட் எழுத்துகளை வரிசையாக வைத்து ஒரு பெரிய எம் எழுத்தை உருவாக்கிக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொல்வார்கள். வலப் பாதியில் சேதம் உள்ளவர் தாள் முழுக்க இசட் இசட்டாக எழுதி வைப்பார். எம் காணாமல் போயிருக்கும். இடப் பாதியில் சேதம் உள்ளவர் பெரிய எம் ஒன்றைக் கோடாகப் போட்டுவிடுவார், இசட்டுகள் இருக்காது. கோலம் போடுவதை நினைத்துப் பாருங்கள். புள்ளிக்குப் புள்ளி இழையை வளைக்கவும் வேண்டும், மொத்தக் கோலமும் எப்படி விரிகிறது என்று மனத்தில் வைத்திருக்கவும் வேண்டும். எந்தப் பாதியால் கோலம் போடுகிறோம் என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

பேச்சிலும் அப்படித்தான். சொற்களைக் கோத்து வாக்கியமாக்குவது பெரும்பாலும் இடப் பாதியின் வேலை. காது கேளாதோர் கையால் பேசும் சைகை மொழிக்கும் இடப் பாதிதான் முதன்மை. அதனால் அந்தப் பக்கத்தின் திறமை ஒலியில் அல்ல, மொழியில் என்று தெரிகிறது. ஆனால் "நல்லா இருக்கு" என்று ஒருவர் சொல்லும்போது பாராட்டா, குத்தலா என்று குரலின் ஏற்ற இறக்கத்தில் கண்டுபிடிக்க வலப் பாதி வேண்டும். வலப் பாதி சேதமடைந்தவர்களில் சிலர் தடையின்றிப் பேசுவார்கள். நகைச்சுவை மட்டும் புரியாமல் விழிப்பார்கள்.

வெட்டிய பிறகும் கசியும் சேதி

சோதனை செய்பவர்களை ஏமாற்றக்கூடிய ஒரு தந்திரம் உண்டு. அதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. நோயாளியின் மூளை தானாகவே கற்றுக்கொள்கிறது. இடப் புலத்தில் சிவப்பு அல்லது பச்சை விளக்கு மின்னும். நோயாளி நிறத்தை வாயால் சொல்ல வேண்டும். பேசும் பாதி விளக்கைப் பார்க்கவில்லை என்பதால் ஊகம்தான். பாதிக்குப் பாதி சரியாக வரும். தொடக்கத்தில் அப்படித்தான் வந்தது. சில நாள்களில் ஒரு நோயாளி சரியாகவே சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது ஊகத்துக்கு இடம் கொடுத்தபோதுதான் இது நடந்தது.

என்ன நடந்தது என்று பார்த்தார்கள். விளக்கு சிவப்பு. வாய் ஊகமாகப் "பச்சை" என்றது. இந்தச் சொல்லைக் காதால் கேட்ட வலப் பாதிக்குத் தவறு என்று தெரியும். உடனே முகம் சுளித்தது, தலை ஆடியது. தலை ஆடுவதை உணர்ந்த இடப் பாதி, ஓ, தவறு போலிருக்கிறது என்று புரிந்துகொண்டு "இல்லை, சிவப்பு" என்று திருத்தியது. பாலம் அறுந்த இரண்டு பாதிகளும் ஒரே உடலைத் தபால்காரராக வைத்துச் சேதி பரிமாறிக்கொண்டன. ஒரு நோயாளி எதிர்பாராமல் சரியான விடை சொன்னால், பாலம் வேலை செய்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன் அவருடைய தலை, புருவம், விரல் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் இப்படிக் கற்றார்கள்.

வெட்டும் சில நேரங்களில் முழுமையாக இருக்கவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தபிறகு வி.பி. என்ற நோயாளியின் மூளையைப் படம் எடுத்தபோது, முழுதாக வெட்டியாகிவிட்டது என்று நினைத்த பாலத்தின் முன்னும் பின்னும் கொஞ்சம் இழைகள் எஞ்சியிருந்தன. அவருடைய பழைய சோதனை முடிவுகளில் சிலவற்றை அதன் வெளிச்சத்தில் மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். விரிவாகச் சோதிக்கப்பட்ட நோயாளிகள் மிகச் சிலர். அவர்கள் எல்லோரும் பல ஆண்டுகள் கடும் வலிப்போடு வாழ்ந்தவர்கள். அப்படிப்பட்ட மூளை தன் வேலைகளை இடம் மாற்றி வைத்திருக்கக்கூடும். பி.எஸ்.ஸின் வலப் பாதியால் சொற்களைப் படிக்கவும், எழுத்துக் கட்டைகளைக் கோத்து விடை தரவும் முடிந்தது. மற்ற பல நோயாளிகளின் வலப் பாதிக்கு அந்த அளவு மொழி கிடையாது. ஒரு பையனிடம் கண்டதை மனிதகுலத்தின் மூளை அமைப்பு என்று எழுதிவிட முடியாது. புதிய நோயாளிகளும் குறைந்துவருகிறார்கள். மருந்துகள் மேம்பட்டுவிட்டன, வெட்டியே ஆக வேண்டும் என்றாலும் பாலத்தின் முன்பகுதியை மட்டும் வெட்டிப் பார்ப்பதே இன்று பெரும்பாலும் வழக்கம்.

துண்டுப் பிரசுரத்துக்கு வந்த கதை

எங்கள் தெருவில் நாளிதழுக்குள் செருகி வரும் துண்டுப் பிரசுரங்களில் ஆண்டுக்கு ஒன்றாவது "உங்கள் குழந்தையின் வலது மூளையைத் தூண்டுகிறோம்" என்று வரும். பாதி மூளை சாம்பல் நிறத்தில் எண்களோடும், மறுபாதி வானவில் நிறத்தில் தூரிகையோடும் இருக்கும் படம் அதில் கட்டாயம் உண்டு.

அந்தப் படத்தின் பூர்வீகம் 1970-களின் அமெரிக்கப் பத்திரிகைகள். ஆய்வுக்கூடத்தில் "இந்தக் கட்டை வடிவத்தை இடக்கை நன்றாக அடுக்குகிறது" என்று இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இதழ்களில் "வலது மூளை முழுமையாகப் பார்க்கும்" என்றானது, பிறகு "வலது மூளை படைப்பாற்றல் மிக்கது" என்றானது, கடைசியில் "நீங்கள் வலது மூளைக்காரரா, இடது மூளைக்காரரா?" என்ற வினாத்தாள் ஆனது. ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னத் தாவல்தான். கீழே இறங்கி வந்து பார்த்தால் நாம் கிளம்பிய இடமே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆய்வாளர்கள் பேரிலும் பழி உண்டு. மருத்துவர் போகனே வலப் பாதியைப் பற்றித் தாராளமாகத்தான் எழுதினார். ஸ்பெர்ரி தம் நோபல் உரையிலேயே, இந்த இரட்டைப் பிரிவு எளிதில் கட்டவிழ்ந்து ஓடக்கூடிய எண்ணம் என்று எச்சரித்தார். அதற்குள் அது ஓடிவிட்டிருந்தது.

இரண்டு வேறுபட்ட கூற்றுகள் இதில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பது முதல் கூற்று, இது உண்மை. சில மனிதர்கள் ஒரு பக்க மூளையை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது இரண்டாவது. இதைத்தான் வினாத்தாள்கள் விற்கின்றன. இரண்டாவதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 7 முதல் 29 வயது வரையுள்ள 1,011 பேரின் மூளை ஸ்கேன்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. மொழி போன்ற வேலைகளுக்கான இணைப்புகள் இடப்பக்கம் வலுவாகவும் கவனம் போன்றவற்றுக்கானவை வலப்பக்கம் வலுவாகவும் இருந்தன. ஆனால் ஒருவருக்கு மொத்தத்தில் இடப் பாதியே ஓங்கியிருக்கிறது, இன்னொருவருக்கு வலப் பாதியே ஓங்கியிருக்கிறது என்று பிரிக்க முடியவில்லை.

வலப் பாதியை மட்டும் தனியாகப் பயிற்றுவிப்பதாகச் சொல்லும் வகுப்புகளிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். பாலம் அறுந்த மனிதரிடமே ஒரு பாதிக்கு மட்டும் ஒரு படத்தைக் காட்ட, கண்ணைப் புள்ளியில் நிறுத்தி, விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் மின்னவிட்டு, தலையாட்டலைக்கூடக் கண்காணிக்க வேண்டியிருந்தது. 20 கோடி இழைகளும் பழுதில்லாமல் இருக்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் ஒரு பாதிக்கு மட்டும் ஒரு மணிநேர வகுப்பு எப்படிப் போய்ச் சேரும்? அபாகஸ் மணிகளை நகர்த்தக் கற்றுக்கொண்டால் குழந்தைக்கு மனக்கணக்கு வேகமாக வரலாம். அது வேறு நன்மை. அதற்கும் வானவில் நிறப் பாதிக்கும் சம்பந்தம் இல்லை.

ஒருவரா, இருவரா?

இதில் ஒன்றை மட்டும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. பாலம் அறுந்த தலைக்குள் இரண்டு பேர் இருக்கிறார்களா? ஸ்பெர்ரி ஏறக்குறைய ஆம் என்றார். ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி உணர்வு இருக்கிறது என்பது அவர் கருத்து. பல பாடநூல்களில் அதுவே இன்றும் இருக்கிறது.

2017-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் யாயிர் பின்டோவும் உடன் பணியாற்றியவர்களும் இரண்டு நோயாளிகளிடம் கண்டது இந்தப் படத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒரு புலத்தில் ஏதாவது தோன்றியதா, எங்கே தோன்றியது என்று கேட்டால், அது எந்தப் பக்கம் தோன்றியிருந்தாலும் அவர்கள் இடக்கையாலும் வலக்கையாலும் வாயாலும் சரியாகச் சொன்னார்கள். பழைய கணக்குப்படி இடப் புலத்தில் வந்ததை வாய் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் இடப் புலத்தில் ஒரு படமும் வலப் புலத்தில் ஒரு படமும் காட்டி, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டால் திணறினார்கள். பார்வை இரண்டாகப் பிளந்திருக்கிறது, பார்ப்பவர் ஒருவராகவே இருக்கிறார் என்று பின்டோ இதற்குப் பொருள் சொன்னார். மூளையின் அடிப்பகுதியில் அறுக்கப்படாத பாதைகள் எங்கே என்ன என்ற அளவுக்குச் சேதி கடத்தியிருக்கலாம், தலையாட்டல் போன்ற உடல் தபாலும் உதவியிருக்கலாம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். வாதம் இன்னும் நடக்கிறது.

பி.எஸ். என்ற பையனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், தான் ஒருவன்தான் என்று அவன் வாய் சொல்லியிருக்கும். கோழிக்கொட்டகையைப் பற்றிச் சொன்னதும் அதே வாய்தான்.